VLOOKUP தப்பான விலை காட்டினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வணக்கம். நீங்கள் அனுப்பிய பில் ஃபைலைத் திறந்து பார்த்தேன். பால் வால்வ் 40 போயிருக்கிறது, ஒன்று 18 ரூபாய் வீதம் மொத்தம் 720 ரூபாய். ரேட் ஷீட்டில் அதன் விலை 165. அதாவது 6,600 வாங்க வேண்டிய இடத்தில் 720. "ஃபார்முலா மேலிருந்து கீழ்வரை ஒன்றேதான், எல்போவுக்குச் சரியாக வருகிறது, பால் வால்வுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் போட்டிருப்பது VLOOKUP: பொருளின் கோடை, அதாவது குறியீட்டு எண்ணை, ரேட் ஷீட்டில் தேடி விலையை எடுத்துத் தரும் ஃபார்முலா. அது உடையவில்லை. நீங்கள் ஒன்று கேட்கிறீர்கள், அது வேறு ஒன்று கேட்டதாக எடுத்துக்கொள்கிறது. இதே சங்கதி வெவ்வேறு முகத்தோடு திரும்பத் திரும்ப வருவதால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிகிற கோளாறு எந்தத் தலைப்பில் பொருந்துகிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் கையால் உடனே பார்க்கக்கூடியது முதலில் இருக்கும், நேரம் தின்னும் வேலை கடைசியில்.

ஒரே ஒரு முன்னெச்சரிக்கை: எதைத் தொடுவதற்கு முன்பும் ஃபைலை வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்துவையுங்கள். பழைய தப்பு விலைகள் நமக்குப் பின்னால் தேவைப்படும்.

## அறிகுறி: சில பொருளுக்கு விலை சரி, சிலவற்றுக்கு வேறு பொருளின் விலை

உங்கள் ஃபைலின் நோய் இதுதான். விலை இருக்கும் செல்லைச் சொடுக்கி, மேலே ஃபார்முலா பாரில் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

```
=VLOOKUP(A2,Rate!$A$2:$B$8,2)
```

2 என்பதற்குப் பிறகு அடைப்புக்குறி மூடிவிட்டது. நான்காவதாக ஒன்று இருக்க வேண்டும், அது இல்லை. இல்லாவிட்டால் எக்செல் கோபித்துக்கொள்ளாது, அங்கே TRUE இருப்பதாகத் தானே வைத்துக்கொள்ளும். TRUE என்றால் "இதே கோடு வேண்டும்" என்று பொருள் இல்லை. "பட்டியல் சின்னதிலிருந்து பெரியதாக வரிசையில் இருக்கிறது, இந்தக் கோடு அல்லது இதைவிடச் சின்னவற்றில் பெரியதை எடு" என்று பொருள். பட்டியல் உண்மையிலேயே வரிசையில் இருக்கிறதா என்று அது சோதித்துப் பார்ப்பதே இல்லை. இருக்கிறது என்று நம்பி வேலையை ஆரம்பித்துவிடும்.

நம் ரேட் ஷீட் வரிசையில் இல்லை. கம்பெனி புதிதாக ஒரு பொருள் விட்டால் கடைசியில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறோம். முழுப் பட்டியல் நீளம், அதனால் காட்டுவதற்கு ஏழு வரி மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

| வரி | கோடு | பொருள் | விலை |
|---|---|---|---|
| 1 | 1010 | எல்போ | 14 |
| 2 | 1040 | டீ | 22 |
| 3 | 1025 | கப்ளர் | 11 |
| 4 | 1030 | எண்ட் கேப் | 9 |
| 5 | 1075 | பால் வால்வ் | 165 |
| 6 | 1060 | யூனியன் | 58 |
| 7 | 1015 | ரெடியூசர் | 18 |

(ஷீட்டில் பொருள் பெயர் வேறு காலத்தில், அதாவது வேறு நெடுவரிசையில், இருக்கிறது. இங்கே படிக்க வசதியாகப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.)

இப்போது 1075-ஐத் தேடச் சொல்கிறோம். எக்செல் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வராது. நடு வரிக்குப் போகும். ஏழில் நடு நான்காவது, அங்கே 1030. நாம் தேடுவது அதைவிடப் பெரியது. வரிசையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மேல் பாதியை அப்படியே கைவிட்டு, 5 முதல் 7 வரை உள்ள கீழ்ப் பாதிக்குப் போகும். அதன் நடு ஆறாவது வரி, அங்கே 1060. 1075 அதைவிடவும் பெரியது, ஆகவே இன்னும் கீழே. மிச்சம் இருப்பது ஏழாவது வரி மட்டும், அங்கே 1015. இதுவும் 1075-ஐ விடச் சின்னதுதான். இதற்குக் கீழே வரியே இல்லை. "சரி, கிடைத்ததில் இதுதான் கடைசி" என்று ஏழாவது வரியின் விலையை எடுத்துக் கொடுத்துவிடும். அது ரெடியூசரின் 18 ரூபாய். பால் வால்வ் ஐந்தாவது வரியில் உட்கார்ந்திருக்கிறது, அந்த வரியை எக்செல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கப்ளரை, அதாவது 1025-ஐ எடுங்கள். நடுவில் 1030, நாம் தேடுவது சின்னது, மேல் பாதிக்குப் போ. அங்கே நடு இரண்டாவது வரி, 1040. இன்னும் சின்னது, மேலே போ. முதல் வரி 1010, இது தேடுவதைவிடச் சின்னது, இதோடு முடிந்தது. எல்போவின் 14 ரூபாய் கப்ளருக்கு வந்துவிடும். உண்மை விலை 11. பால் வால்வ் கதையை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், தொகை உறுத்தும். கப்ளரில் ஏறிய மூன்று ரூபாயை யாரும் கவனிக்க மாட்டார்கள். எனக்கு அதிகக் கவலை கொடுப்பது இந்த இரண்டாவது வகைதான்.

ஏழையும் இப்படி ஓட்டிப் பார்த்தால் எல்போ, எண்ட் கேப், யூனியன் மூன்றுக்கும் சரியான விலை வரும். அவை எக்செல் போகிற வழியில் நேராக மாட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். டீக்கு 22-க்குப் பதில் 9, ரெடியூசருக்கு 18-க்குப் பதில் 14, கப்ளருக்கும் பால் வால்வுக்கும் மேலே சொன்னது. ஏழில் நான்கு தப்பு. நீங்கள் முதல் வரியை மட்டும் சோதித்துவிட்டுக் கீழே இழுத்திருந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். இதே ஃபைலை வேறு மென்பொருளில் திறந்தால் வேறு தப்பு விலைகூட வரலாம். வரிசையில்லாத பட்டியலில் TRUE என்ன கொடுக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது.

"போன வாரம் சரியாக வந்த பொருளுக்கு இந்த வாரம் தப்பாக வருகிறது, நான் அந்த வரியைத் தொடவே இல்லை" என்ற புகாருக்கும் காரணம் இதுதான். கடைசியில் எட்டுப் பொருள் சேர்த்தால் மொத்தம் 15 வரி, ஃபார்முலாவில் பட்டியலின் எல்லையும் அதற்கேற்ப நீண்டால் நடு வரி நான்காவதிலிருந்து எட்டாவதுக்கு நகர்ந்துவிடும். தேடும் வழியே மாறுவதால் நேற்று தற்செயலாகச் சரியாக இருந்தது இன்று தற்செயலாகத் தப்பாகிறது.

தீர்வு ஒரு சொல்:

```
=VLOOKUP(A2,Rate!$A$2:$B$8,2,FALSE)
```

FALSE என்றால் இதே கோடு இருந்தால் விலை கொடு, இல்லாவிட்டால் `#N/A` காட்டு. பட்டியல் எந்த வரிசையில் இருந்தாலும் பரவாயில்லை. FALSE என்பதற்குப் பதில் 0 என்று போட்டாலும் அதே வேலைதான்.

இந்த இடத்தில் ஃபார்முலா VLOOKUP ஆக இல்லாமல் MATCH ஆக இருந்தால், அதன் மூன்றாவது இடத்தில் 0 இருக்கிறதா பாருங்கள். அங்கேயும் விட்டுவிட்டால் இதே கதை. LOOKUP என்று மட்டும் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அதில் "இதே கோடு" என்று கேட்க வழியே இல்லை. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆஃபீஸிலும் VLOOKUP-இன் நான்காவது இடத்தை விட்டுவிட்டால் இதே மாதிரி TRUE என்றுதான் எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்செல் 2021 இருந்தால் XLOOKUP பயன்படுத்தலாம், அது கேட்காமலே சரியான பொருத்தத்தைத்தான் தேடும்:

```
=XLOOKUP(A2,Rate!$A$2:$A$8,Rate!$B$2:$B$8,"விலை இல்லை")
```

ஆனால் கிளையில் உள்ள கணினி எக்செல் 2016 என்றால் அங்கே இது வேலை செய்யாது. எல்லோரும் திறக்கும் ஃபைல் என்பதால் நான் VLOOKUP-இலேயே FALSE போட்டு வைக்கச் சொல்வேன்.

### "சார்ட் பண்ணிவிட்டால் போதாதா?"

கேட்பீர்கள் என்று தெரியும், ஏனென்றால் எல்லோரும் கேட்கிறார்கள். ரேட் ஷீட்டைக் கோடு வரிசையில் அடுக்கினால் மேலே உள்ள ஏழுக்கும் சரியான விலை வந்துவிடும், உண்மைதான். ஆனால் அடுத்த மாதம் புதுப் பொருளைக் கடைசியில் சேர்க்கும் அன்றைக்கு மறுபடி ஆரம்பம். அதைவிடப் பெரிய ஓட்டை அடுத்த தலைப்பில் இருக்கிறது. பொருள் கோடுக்கு விலை தேடுகிற இடத்தில் அடுக்குவது மருந்து இல்லை, FALSE-தான் மருந்து.

பட்டியல் இப்போது வரிசையில் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ரேட் ஷீட்டில் ஒரு காலிச் செல்லில் இதைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(--(A2:A7>A3:A8))
```

மேலே உள்ளது கீழே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும் இடங்களை இது எண்ணும். நம் ஏழு வரிக்கு 3 வரும். 0 வந்தால் வரிசையில் இருக்கிறது.

எழுத்தும் எண்ணும் கலந்த கோடு என்றால் கண்ணை நம்பாதீர்கள். P9-க்கு அடுத்து P10 வருவதுதான் நமக்கு வரிசை. எக்செலுக்கு அவை எழுத்துகள், 1 என்பது 9-க்கு முன்னால், ஆகவே P10 முதலில், P9 பிறகு. பார்க்க ஒழுங்காகத் தெரியும் பட்டியல் அதன் கணக்கில் குளறுபடியாக இருக்கலாம்.

## அறிகுறி: பட்டியலிலேயே இல்லாத கோடுக்கும் விலை வருகிறது

சோதனை எளிது. பில் ஷீட்டில் நிச்சயமாக இல்லாத ஒரு கோடைத் தட்டுங்கள், உதாரணமாக 1028. `#N/A` வந்தால் நல்லது. ஏதாவது ஒரு விலை வந்தால் ஃபார்முலா இன்னும் TRUE-வில் ஓடுகிறது.

அழகாக அடுக்கிய பட்டியலிலும் இது நடக்கும். 1010, 1015, 1025, 1030 என்று வரிசையாக இருந்தால் 1028-ஐவிடச் சின்னவற்றில் பெரியது 1025, ஆகவே கப்ளரின் 11 ரூபாய் வரும். 1075-ஐவிடப் பெரிய எந்த எண்ணைத் தட்டினாலும், 9999 என்று தட்டினாலும், பால் வால்வின் விலை வரும். கோடை ஒரு இலக்கம் தப்பாகத் தட்டினால் கத்த வேண்டிய ஷீட், அமைதியாக வேறு விலை போட்டுக்கொண்டு போகிறது. இதுதான் நான் சொன்ன ஓட்டை.

FALSE போட்ட பிறகு `#N/A` கண்ணை உறுத்துகிறது என்று IFERROR சுற்றி 0 போடும் பழக்கம் ஒன்று உண்டு. அதைச் செய்ய வேண்டாம். விலை தெரியாத பொருள் இலவசமாகப் போய்விடும், பில் மொத்தத்தில் யாருக்கும் தெரியாது. உறுத்தினால் இப்படி எழுதுங்கள்:

```
=IFNA(VLOOKUP(A2,Rate!$A$2:$B$8,2,FALSE),"விலை இல்லை")
```

பக்கத்துச் செல்லில் எண்ணிக்கையோடு பெருக்கும்போது `#VALUE!` என்று வந்து நிற்கும். நிற்கட்டும், அந்த வரியைச் சரிசெய்யாமல் பில் வெளியே போகக் கூடாது என்பதுதான் நமக்கு வேண்டியது.

## அறிகுறி: FALSE போட்டதும் பாதி வரிகளில் #N/A

பயந்து பழையபடி TRUE-வுக்குத் திரும்பிவிடாதீர்கள். இவ்வளவு நாளும் மறைந்திருந்தது இப்போது வெளியே வந்திருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது டாலர் குறி. ஃபார்முலாவில் `Rate!A2:B8` என்று டாலர் இல்லாமல் இருந்தால், கீழே இழுக்க இழுக்கப் பட்டியலும் ஒவ்வொரு வரியாகக் கீழே நகரும். பில்லின் ஐந்தாவது பொருளுக்கு `Rate!A6:B12`-இல் தேடிக்கொண்டிருக்கும், மேலே இருந்த நான்கு பொருளும் வெளியே போய்விட்டன. அடையாளம் என்ன என்றால், பில்லின் மேல் வரிகள் நன்றாக இருக்கும், கீழே போகப் போக `#N/A` கூடும். பில்லின் முதல் வரி ஃபார்முலாவில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து F4 தட்டினால் டாலர் ஏறிவிடும், பிறகு மறுபடி கீழே இழுங்கள்.

டாலர் சரியாக இருந்தும் வருகிறதா? தகராறு செய்யும் கோடுக்கு இதை ஓட்டிப் பாருங்கள்:

```
=COUNTIF(Rate!$A$2:$A$8,A2)
```

VLOOKUP இல்லை என்கிறது, COUNTIF மட்டும் 1 என்கிறது என்றால் பெரும்பாலும் எண்ணும் எழுத்தும் மோதுகின்றன. ஒரு ஷீட்டில் 1025 எண்ணாக இருக்கிறது, மற்றதில் எழுத்தாக இருக்கிறது. COUNTIF இரண்டையும் ஒன்றாக எண்ணும், VLOOKUP எண்ணாது. உறுதிசெய்ய இரு பக்கமும் `=ISNUMBER(A2)` போடுங்கள், ஒன்று TRUE இன்னொன்று FALSE என்றால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. பில்லிங் மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியலில்தான் இது அதிகம்.

சரிசெய்ய, எழுத்தாக இருக்கும் காலத்தைத் தேர்ந்தெடுத்து Data தாவலில் Text to Columns போய் எதையும் மாற்றாமல் Finish கொடுத்தால் எண்ணாகிவிடும். ஆனால் 0105 மாதிரி சைபரில் தொடங்கும் கோடு இருந்தால் இதைச் செய்யாதீர்கள், அந்தச் சைபர் போய்விடும். அப்போது எல்லாவற்றையும் எழுத்தாகவே வைத்துக்கொண்டு, தேடும் இடத்தில் `A2&""` என்று எழுதுங்கள்.

COUNTIF-உம் 0 என்கிறது, கண்ணுக்குக் கோடு தெரிகிறது என்றால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியைச் சந்தேகப்படுங்கள். `=LEN(A2)` நான்கு இலக்கக் கோடுக்கு 5 என்று சொன்னால் அதுதான். TRIM போட்டால் சாதாரண இடைவெளி போய்விடும். கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்து காப்பி எடுத்த பட்டியல் என்றால் TRIM-க்கு அசையாத ஒரு இடைவெளி வரும், அதற்கு:

```
=TRIM(SUBSTITUTE(A2,CHAR(160),""))
```

இதன் விடை எழுத்தாக வரும் என்பதை மறக்க வேண்டாம், எண் வேண்டுமானால் வெளியே VALUE சுற்றுங்கள்.

## அறிகுறி: FALSE இருக்கிறது, ஆனாலும் விலை தப்பு

இங்கே வந்துவிட்டால் தேடும் முறையில் கோளாறு இல்லை, பட்டியலில் இருக்கிறது.

ஒரே கோடு இரண்டு முறை. விலை ஏறியதும் பழைய வரியைத் திருத்தாமல் புதிய விலையோடு கடைசியில் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். FALSE மேலிருந்து பார்த்து முதலில் கிடைத்ததைக் கொடுக்கும், ஆகவே பழைய விலைதான் வரும். மேலே சொன்ன அதே COUNTIF 2 என்று காட்டினால் இதுதான். பழைய வரியை நீக்குங்கள். விலை வரலாறு வேண்டுமென்றால் அதை வேறு ஷீட்டில் வையுங்கள்.

நடுவில் ஒரு காலம் புகுந்துவிட்டது. ஃபார்முலாவில் உள்ள 2 என்பது இரண்டாவது காலம் என்று மட்டும் சொல்கிறது. கோடுக்கும் டீலர் விலைக்கும் நடுவில் யாரோ MRP காலம் ஒன்றைச் செருகினால் டீலர் விலை மூன்றாவதாகிவிடும், ஃபார்முலா MRP-யை எடுக்கும். எல்லாப் பொருளுக்கும் ஒரே திசையில் விலை கூடியிருந்தால் இதைப் பாருங்கள்.

பெயரில் நட்சத்திரக் குறி. நம் தொழிலில் இது தனித் தொல்லை. கோடு இல்லாத பொருட்களை அளவை வைத்தே தேடுகிறோம், 25*20 ரெடியூசரை `25*20` என்றே தட்டுகிறோம். VLOOKUP-இல் FALSE போட்டு எழுத்தைத் தேடும்போது * என்பது "இடையில் எது வேண்டுமானாலும்" என்று ஆகிவிடும். ஆகவே 25-இல் தொடங்கி 20-இல் முடிகிற எதுவும் பொருந்தும். பட்டியலில் 25\*25\*20 டீ மேலே இருந்தால் ரெடியூசருக்கு டீ விலை வரும். பார்க்க TRUE-வின் கோளாறு மாதிரியே இருக்கும், காரணம் வேறு. பட்டியல் முழுவதும் * என்பதை x என்று மாற்றிவிடுவது நிரந்தரத் தீர்வு. இப்போதைக்குத் தப்பிக்க:

```
=VLOOKUP(SUBSTITUTE(A2,"*","~*"),Rate!$A$2:$B$8,2,FALSE)
```

இன்னொன்று: Find and Replace-இலும் தேடும் பெட்டியில் வெறும் * போடாதீர்கள். செல்லில் உள்ளது மொத்தமும் x ஆகிவிடும். அங்கேயும் `~*` என்றுதான் தட்ட வேண்டும்.

## அறிகுறி: தள்ளுபடி சதவீதம் தப்பாக வருகிறது

இந்த ஒரு இடத்தில் மட்டும் மேலே சொன்னதை அப்படியே திருப்பிப் போடுகிறேன். எண்ணிக்கை கூடக் கூடத் தள்ளுபடி கூடும் அட்டவணைக்கு TRUE-தான் வேண்டும். 150 வாங்குகிறவருக்கு 150 என்ற வரி அட்டவணையில் இருக்காது, அதைவிடக் குறைந்த 100-ஐத்தான் பிடிக்க வேண்டும். FALSE போட்டால் வரிசையாக `#N/A` விழும்.

ஆனால் இங்கே அடுக்கு கட்டாயம் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். உங்கள் ஃபைலில் "பெரிய தள்ளுபடி மேலே தெரியட்டும்" என்று தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்:

| எண்ணிக்கை | தள்ளுபடி |
|---|---|
| 500 | 8% |
| 100 | 5% |
| 1 | 0% |

60 வாங்கினால் நடு வரி 100 பெரியது, மேலே போகிறது, 500 இன்னும் பெரியது, `#N/A`. 150 வாங்கினால் 100-ஐத் தாண்டிக் கீழே போகிறது, அங்கே 1, ஆகவே 0%. 600 வாங்குகிறவருக்கும் அதே 0%. சரியாக 100 வாங்குகிறவருக்கு மட்டும் 5% ஒழுங்காகக் கிடைக்கும். பெரிய ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் தள்ளுபடி வரவில்லை என்று சத்தம் போட்டார்கள் என்றீர்களே, காரணம் இதுதான். அட்டவணையை 1, 100, 500 என்று திருப்பி அடுக்கினால் போதும், ஃபார்முலாவைத் தொட வேண்டாம்.

முதல் காலத்தில் ஆரம்ப எண்ணை மட்டும் போடுங்கள். 100-499 என்று எழுதினால் அது எழுத்து, தேட உதவாது. 1-9 என்று தட்டினாலோ எக்செல் அதைத் தேதியாகவே மாற்றிவிடும். முதல் வரி 1-இல் அல்லது 0-இல் தொடங்கட்டும், இல்லாவிட்டால் அதற்குக் குறைவாக வாங்குகிறவருக்கு `#N/A` வரும்.

## அறிகுறி: எல்லாம் திருத்தியாயிற்று, எண் மட்டும் மாறவில்லை

Formulas தாவலில் Calculation Options, Manual-இல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் Automatic ஆக்குங்கள், அல்லது F9 தட்டுங்கள். செல்லில் விலைக்குப் பதில் ஃபார்முலாவே எழுத்தாகத் தெரிந்தால் அந்தச் செல் Text வடிவில் இருக்கிறது, General ஆக மாற்றி F2, Enter.

## எங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

மேலே உள்ளது எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம். இரண்டு இடத்தில் மட்டும் கையை எடுத்துவிடுங்கள்.

ஒன்று, யாராவது கோடு காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் செய்திருந்தால். எக்செல் அப்போது "Expand the selection" என்று கேட்கும். அதை விட்டுவிட்டு "Continue with the current selection" கொடுத்தால் கோடுகள் மட்டும் இடம் மாறும், விலைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு கோடுக்குப் பக்கத்திலும் வேறு பொருளின் விலை நிற்கும். எந்த ஃபார்முலாவாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் தேடல் சரியாகத்தான் நடக்கிறது. உடனே கண்டால் Ctrl+Z. சேவ் செய்து மூடியாயிற்று என்றால், உங்களுக்குத் தெரிந்த ஐந்தாறு பொருளின் விலையைக் கம்பெனி அனுப்பிய அசல் விலைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டாம், அந்த ஷீட்டையே தூக்கிப்போட்டுவிட்டு அசலிலிருந்து புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். ஃபைல் ஒன்டிரைவில் இருந்தால் Version History-யில் பழைய பதிப்பு கிடைக்கும், அதை எடுக்க நம் கணினி ஆளைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே வெளியே போய்விட்ட பில்கள். முதலில் எவை தப்பு என்று பிரிக்க வேண்டும். எடுத்துவைத்த காப்பியில் பழைய விலைக் காலத்தை Paste Values ஆக ஒட்டிவிட்டுப் பக்கத்தில் இதைப் போடுங்கள், C-யில் பழைய விலை இருப்பதாக வைத்துக்கொண்டு:

```
=VLOOKUP(A2,Rate!$A$2:$B$8,2,FALSE)-C2
```

0 என்றால் தப்பித்தோம். பால் வால்வுக்கு 147 என்று வரும், அது நாம் குறைவாக வாங்கியது. கப்ளருக்கு -3 வரும், அது நாம் கூடுதலாக வாங்கியது. ஒரு எச்சரிக்கை: பில் போட்ட அன்றைக்கு இருந்த ரேட் ஷீட்டோடு ஒப்பிட வேண்டும், இன்றைய விலையோடு அல்ல.

இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நேராகக் கணக்காளரிடம் போங்கள். பழைய பில்லைத் திருத்திப் புதிதாக அச்சடிக்க வேண்டாம். ஜிஎஸ்டியில் கூடுதலாகப் போட்டதற்கு கிரெடிட் நோட், குறைவாகப் போட்டதற்கு டெபிட் நோட் கொடுக்க வேண்டும், சட்டத்தின் 34-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்ட அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை, அல்லது அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதி வரைதான் நேரம். வித்தியாசம் மூன்று ரூபாயாக இருக்கும் வரிகளை என்ன செய்வது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பால் வால்வ் பில்லுக்கு 5,880 ரூபாயும் அதற்குரிய வரியும் டெபிட் நோட்டில் வரும், வாடிக்கையாளரிடம் அதற்கு முன்னால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.